பக்கத்து வீட்டுப் பத்திரத்தில் ஒரு பெயர்

கேள்வி: ஐயா, தண்டையார்பேட்டையில் நாங்கள் குடியிருக்கும் வீட்டு மனையை எங்கள் தாத்தா 1960 வாக்கில் வாங்கினார். 2023 டிசம்பர் புயல் மழையில் வீட்டுக்குள் தண்ணீர் வந்தபோது கிரயப் பத்திரம் வைத்திருந்த டிரங்குப் பெட்டியே வீணாகிவிட்டது. ஆன்லைனில் வில்லங்கம் போட்டுப் பார்த்தால் 1975-க்குப் பிறகுதான் வருகிறது. பதிவு அலுவலகத்தில் நகல் கேட்டால் ஆவண எண்ணும் வருடமும் கொண்டு வாருங்கள் என்கிறார்கள். பத்திரமே இல்லாதபோது எண்ணுக்கு எங்கே போவது? வேறு வழி உண்டா?
– வாசகி, தண்டையார்பேட்டை

அம்மா, வழி இருக்கிறது. எண் தெரியாதவர்களுக்காகவே ஒவ்வொரு பதிவு அலுவலகத்திலும் அட்டவணை என்று ஒன்று எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. நாங்கள் இன்டெக்ஸ் என்றே சொல்வோம். பதிவுத் துறையில் எழுத்தராக இருந்தபோது நான் அதிக நேரம் செலவிட்டது அந்தத் தாள்களோடுதான். அதில் தேடுவது எப்படி என்று வெறுமனே சொன்னால் மனதில் நிற்காது. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பத்திரத்தை எப்படிக் கண்டுபிடித்தோம் என்பதைச் சொல்கிறேன். உங்கள் நிலைமைக்கு மிகவும் பக்கத்தில் வரும் விஷயம் அது. ஆட்களின் பெயர்களையும் எண்களையும் மட்டும் மாற்றியிருக்கிறேன்.

1990-களின் தொடக்கம், எங்கள் அலுவலகத்துக்குக் கணினி வராத காலம். பழைய வண்ணாரப்பேட்டையிலிருந்து ஒரு அம்மா வந்தார். மாமனார் வாங்கிய வீட்டின் பத்திரம் காணவில்லை, மகள் கல்யாணத்துக்கு வீட்டின் பேரில் கடன் வாங்க வேண்டும். கையில் இருந்தவை இரண்டே: வீட்டு வரி ரசீது ஒன்று, மாமனாரின் கணக்கு நோட்டு ஒன்று. அந்த நோட்டில் ஒரு வரி: "துர்முகி வரு. மார்கழி 12 மனை கிரயம்." மாமனார் பெயர் எத்திராஜுலு நாயுடு.

"துர்முகின்னா 1956 தம்பி, எங்க வீட்டுக்காரர் கணக்குப் போட்டுச் சொன்னாரு. அந்த வருஷத்துல பாருங்க, போதும்" என்றார்.

தேடலுக்கு முன் ஒரு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். சொத்து சம்பந்தமான பத்திரங்கள் எல்லாம் '1 புத்தகம்' என்ற பதிவேட்டில் முழுமையாகப் பார்த்து எழுதப்பட்டிருக்கும். பழைய பத்திரங்களின் பின்பக்கத்தில் "1 புத்தகம், இத்தனையாவது தொகுதி, இத்தனை முதல் இத்தனை பக்கங்கள், 1957-ம் ஆண்டின் 214-ம் எண்ணாகப் பதிவு செய்யப்பட்டது" என்று ஒரு வரி இருக்கும் அல்லவா, அது இந்தப் புத்தகம்தான். அந்தப் புத்தகத்துக்கு இரண்டு அட்டவணைகள் உண்டு. முதல் அட்டவணை ஆட்களின் பெயரால் ஆனது. இரண்டாவது அட்டவணை சொத்தின் விவரத்தால் ஆனது. கிராமம், தெரு, சர்வே எண் என்று போகும். எந்த அட்டவணையில் பிடித்தாலும் அந்த வரியின் முடிவில் ஆவண எண், தொகுதி, பக்கம் மூன்றும் கிடைத்துவிடும். பிறகு அலமாரியிலிருந்து அந்தத் தொகுதியை எடுக்க வேண்டியதுதான்.

நான் முதலில் எடுத்தது சொத்து அட்டவணை. வரி ரசீதில் சந்தின் பெயரும் கதவு எண்ணும் இருந்தன. 1956-ல் அந்தச் சந்தின் பெயரைத் தேடினேன், அப்படி ஒரு பெயரே இல்லை. முன்னும் பின்னும் ஓரோர் ஆண்டு பார்த்தேன். அப்போதும் இல்லை.

சரி, பெயர் அட்டவணைக்குப் போவோம் என்று 1956-க்கான தாள்களில் 'எ' வரிசையை எடுத்தேன். எங்கள் அலுவலகத்தில் ஓர் எழுத்துக்கு உள்ளே அகர வரிசை கிடையாது, பதிவான வரிசைப்படி பெயர்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக இருக்கும். அதனால் ஒவ்வொரு வரியாக விரல் வைத்துத்தான் படிக்க வேண்டும். ஏழுமலை, எல்லம்மாள், ஏகாம்பரம் என்று ஒரு நாள் முழுக்கப் படித்தேன். எத்திராஜுலு என்று ஒருவர்கூட இல்லை. மறுநாள் 1955, 1957 இரண்டிலும் 'எ' பார்த்தேன். இல்லை. அந்த அம்மாவிடம், "பதிவே ஆகாத பத்திரமோ என்னவோ" என்று சொல்லிவிட்டேன். இன்று நினைத்தாலும் அந்த வார்த்தையைச் சொல்லியிருக்கக் கூடாது என்று தோன்றுகிறது. மூன்று இடத்தில் பார்த்துவிட்டு, இல்லவே இல்லை என்று முடிவு கட்டும் அளவுக்கு எனக்கு அப்போது அனுபவம் இல்லை.

ஆவண அறையைப் பார்த்துக்கொண்டிருந்த மூத்த எழுத்தர் அதைக் கேட்டுக்கொண்டே வந்தார். அந்த அம்மாவிடம் அவர் கேட்டது ஒரே கேள்வி:

"யார் வித்தாங்கம்மா உங்க மாமனாருக்கு?"

"அதெல்லாம் தெரியாதுங்க ஐயா. எங்க அத்தை இருந்திருந்தா சொல்லியிருப்பாங்க."

"பக்கத்து வீட்டுக்காரங்க பழைய ஆளுங்களா? அவங்ககிட்ட பத்திரம் இருக்கா?"

"இருக்குது. அவங்க எங்களுக்கு அப்புறம் வாங்கினவங்க."

"அதைக் கொண்டாந்து காட்டச் சொல்லுங்க. குடுக்க வேணாம், காட்டினா போதும்."

இரண்டு நாள் கழித்து அந்த அம்மா பக்கத்து வீட்டுப் பெரியவரையே பத்திரத்தோடு அழைத்து வந்துவிட்டார். 1961-ல் பதிவான கிரயப் பத்திரம். மூத்தவர் வேறு எதையும் படிக்கவில்லை, நேராகச் சொத்து விவரத்துக்குப் போய் நான்கு எல்லைகளை, அதாவது செக்குபந்தியைப் படித்தார். அதில் இப்படி இருந்தது: "மேற்கில் யதிராஜுலு நாயுடுவுக்கு நான் ஏற்கெனவே கிரயம் கொடுத்துள்ள 9-ம் எண் மனை."

இந்த ஒரு வரியில் எங்களுக்கு மூன்று விடைகள் கிடைத்தன. இரண்டு மனைகளையும் விற்றவர் ஒருவரே, அவர் பெயர் அந்தப் பத்திரத்தின் முதல் பக்கத்திலேயே இருக்கிறது: ஜம்புலிங்க முதலியார். மாமனார் வாங்கியபோது அது கதவு எண் போட்ட வீடு அல்ல, 9-ம் எண் வெறும் மனை. அப்புறம், அந்தக் காலத்தில் அவர் பெயரை எழுதியவர்கள் 'எ'வில் எழுதவில்லை, 'ய'வில் எழுதியிருக்கிறார்கள்.

பெயர் அட்டவணையில் ஒரு பத்திரத்துக்குக் குறைந்தது இரண்டு வரிகள் உண்டு. எழுதிக்கொடுத்தவர் பெயரில் ஒன்று, எழுதி வாங்கியவர் பெயரில் ஒன்று. நம் வீட்டு ஆளின் பெயர் எப்படித் திரிந்திருந்தாலும் விற்றவர் பெயர் வழியாகப் பின்வாசலில் நுழைந்துவிடலாம். மனை பிரித்து விற்பவர்களின் பெயர் அட்டவணையில் திரும்பத் திரும்ப வரும் என்பதால் அதைத் தவறவிடுவதும் கடினம்.

'ஜ' வரிசையை எடுத்தோம். 1956-ல் ஜம்புலிங்க முதலியாருக்கு இரண்டு வரிகள். இரண்டுக்கும் தொகுதியை எடுத்துப் பார்த்தோம், 4-ம் மனையும் 6-ம் மனையும். 1957-ல் ஐந்து வரிகள். மூன்றாவது வரிக்கான தொகுதியைப் பிரித்தபோது பக்கத்தின் மேலே நகல் எழுத்தரின் கையெழுத்தில் "யதிராஜுலு நாயுடு" என்ற பெயர் இருந்தது. 1957-ம் ஆண்டின் 214-ம் எண் ஆவணம். எழுதப்பட்ட தேதி 1956 டிசம்பர் கடைசி வாரம்.

அப்படியானால் நோட்டில் இருந்தது தப்பா? இல்லை, மார்கழி 12 என்பது சரியே. பத்திரம் எழுதியது அன்றைக்குத்தான். ஆனால் அட்டவணை, எழுதிய தேதியைப் பார்த்துப் போடுவதில்லை, பதிவான ஆண்டைப் பார்த்துப் போடுவது. பத்திரத்தை எழுதி நான்கு மாதத்துக்குள் பதிவுக்குக் கொண்டு வரலாம் என்று சட்டமே இடம் கொடுக்கிறது. இந்தப் பத்திரத்தில் விற்றவரின் தம்பியும் கையெழுத்துப் போட்டிருந்தார். பதிவேட்டில் பத்திரத்தோடு அலுவலகக் குறிப்புகளையும் எழுதியிருப்பார்கள். அதில் பத்திரம் ஜனவரியில் தாக்கலானதும், தம்பி பிப்ரவரியில் வந்து 'எழுதிக்கொடுத்தது உண்மை' என்று ஒப்புக்கொண்டதும் தெளிவாக இருந்தது. அவர் வந்த பிறகே எண் விழுந்திருக்கிறது. ஆவண எண் ஒவ்வொரு ஜனவரியிலும் 1-லிருந்து தொடங்கும் என்பதால் அது 1957-ன் கணக்கில் சேர்ந்துவிட்டது.

இன்னொன்றும் கவனியுங்கள். துர்முகி வருடம் 1956 சித்திரையில் பிறந்து 1957 பங்குனியில் முடிகிறது. தை, மாசி, பங்குனி மூன்றும் அடுத்த ஆங்கில ஆண்டில் விழும். வீட்டில் பெரியவர்கள் தமிழ் வருடம் சொன்னால் அதை ஒரே ஆங்கில ஆண்டாக மாற்றிக்கொண்டு வந்து நிற்பவர்கள் ஏராளம். இரண்டு ஆண்டாக மாற்றுங்கள், எழுதிய தேதிக்கும் பதிவுக்கும் உள்ள இடைவெளிக்காகப் பின்னால் இன்னொரு ஆண்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

முதலில் நான் பார்த்த சொத்து அட்டவணையில் அது ஏன் அகப்படவில்லை என்பதும் தொகுதியைப் பார்த்தபோது புரிந்தது. பத்திரத்தில் சந்துப் பெயரே இல்லை. விற்றவருடைய குடும்பப் பெயரில் இருந்த ஒரு தோட்டத்தின் பெயரைச் சொல்லி, அதில் பிரித்த 9-ம் எண் மனை, தோட்டம் முழுவதுக்குமான ஒரே மறு அளவை எண் என்று எழுதியிருந்தார்கள். வடசென்னையில் இன்று சந்தும் தெருவுமாக இருக்கும் பல இடங்கள் ஒரு காலத்தில் தோட்டமாக இருந்தவை. சந்துக்குப் பெயர் வந்தது மனைகள் விற்ற பிறகு. கதவு எண் அதற்கும் பின்னால் வந்தது, அதுவும் மாறியது. இன்றும் நம் வீட்டு வாசல்களில் பழைய எண், புதிய எண் என்று இரண்டு போட்டிருக்கிறோமே. சர்வே எண்ணும் அப்படித்தான். தோட்டத்துக்கு இருந்த ஒரே எண் பின்னால் நகர அளவையில் பல எண்களாகப் பிரிந்துவிடும். இன்றைய எண்ணைக் கொண்டு தேடினால் அன்றைய பத்திரம் கண்ணில் படாது.

வில்லங்கச் சான்றில் "பதிவு ஏதும் இல்லை" என்று வருவதை எப்படிப் புரிந்துகொள்வது என்பதும் இதில் அடங்கியிருக்கிறது. வில்லங்கம் என்பது நீங்கள் எழுதிக் கொடுக்கும் சொத்து விவரத்தை வைத்துத் தேடி எழுதுவது. அந்த விவரத்துக்குள், அந்த ஆண்டுகளுக்குள், அந்த அலுவலகத்தில் ஒன்றும் அகப்படவில்லை என்பதற்கு மேல் அதற்குப் பொருள் கிடையாது. பத்திரமே இல்லை என்று அது சொல்லவில்லை.

தொகுதியைப் பார்த்ததும் அந்த அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனால் மூத்தவர் உடனே நகல் போட விடவில்லை. 1957-ன் 'ய' வரிசையை எடுத்துவரச் சொன்னார். அதில் யதிராஜுலு நாயுடு என்று இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் தகப்பனார் வெங்கடசாமி நாயுடு, இன்னொருவர் தகப்பனார் ராமசாமி நாயுடு. இரண்டாமவருடையது ஓர் அடமானப் பத்திரம். நான் முதலிலேயே 'ய' பார்த்திருந்து அடமானத்தை முதலில் கண்டிருந்தால், அதையே பிடித்துக்கொண்டு அந்த அம்மாவை அலைக்கழித்திருப்பேன். அவருடைய மாமனாரின் தகப்பனார் யார் என்று கேட்டோம். வெங்கடசாமி. சரி.

அதோடும் அவர் நிற்கவில்லை. பத்திரத்தில் மனையின் அளவு கிழக்கு மேற்கு 24 அடி, தெற்கு வடக்கு 50 அடி, ஆக 1200 சதுர அடி, அரை கிரவுண்டு என்று இருந்தது. பக்கத்து வீட்டுப் பத்திரத்திலும் தெற்கு வடக்கு 50 அடிதான். இரண்டுமே அடுத்தடுத்த மனைகள், ஒரே ஆழம். எல்லைகளில் கிழக்கே 10-ம் எண் மனை என்று இதில் இருந்தது. மேற்கே 9-ம் எண் மனை என்று அதில் இருந்தது. இரண்டு பத்திரங்களும் ஒன்றையொன்று பார்த்துப் பேசினால்தான் நாம் தேடிய பத்திரம் இது என்று சொல்லலாம். பெயர் மட்டும் பொருந்தினால் போதாது.

இப்போது உங்கள் விஷயத்துக்கு வருகிறேன்.

உங்கள் வீட்டுக்கு வில்லங்கம் போட்டதை விட்டுவிடுங்கள், அக்கம்பக்கத்து வீடுகளுக்குப் போடுங்கள். அறுபது ஆண்டில் உங்கள் வீடு கைமாறவில்லை, அதனால் 1975-க்குப் பிறகு அதற்குப் பதிவும் இல்லை. ஆனால் இரண்டு பக்கமும், பின்பக்கமும் உள்ள மூன்று வீடுகளில் ஒன்றாவது இதற்குள் விற்பனையோ பாகமோ செட்டில்மெண்டோ ஆகியிருக்கும். tnreginet.gov.in தளத்தில் அந்த நகர அளவை எண்களைக் கொடுத்து வில்லங்கம் பார்த்தால் அவற்றின் ஆவண எண்கள் கிடைக்கும். அந்தப் பத்திரங்களின் சான்றிட்ட நகலை நீங்களே கேட்டு வாங்கலாம். 1 புத்தகமும் அதன் அட்டவணைகளும் யார் விண்ணப்பித்தாலும் கட்டணம் கட்டிப் பார்க்கவும் நகல் வாங்கவும் உரியவை என்று 1908-ம் ஆண்டின் பதிவுச் சட்டம் 57-ம் பிரிவில் சொல்கிறது. பக்கத்து வீட்டுக்காரரிடம் பழக்கம் இருந்தால் அவர் பத்திரத்தை நேரில் பார்த்துவிடுவது இன்னும் சுலபம். நகல் வந்ததும் எல்லைகளைப் படியுங்கள். உங்கள் தாத்தா பெயர் எந்த எழுத்தில் தொடங்குகிறது, அவர் யாரிடம் வாங்கியதாக இருக்கிறது, மனை எண் ஏதும் உண்டா என்று பாருங்கள். அதே பத்திரத்தில் "மேற்படி சொத்து எனக்கு இன்ன ஆண்டு இன்ன எண் பத்திரப்படி பாத்தியப்பட்டது" என்று ஒரு பகுதி இருக்கும். அந்த முன் பத்திரத்தின் நகலையும் வாங்குங்கள். இப்படிப் பின்னோக்கி இரண்டு படி போனால் அந்த இடத்தை மனை பிரித்து விற்றவர் பெயர் பெரும்பாலும் வந்துவிடும்.

இன்னொரு பக்கம், வட்டாட்சியர் அலுவலகத்தில் நகர நிலப் பதிவேட்டின் நகல் கேளுங்கள். இன்றைய எண்ணுக்குப் பழைய அளவை எண் எது என்ற ஒப்பீடும் வேண்டும் என்று விண்ணப்பத்திலேயே எழுதிவிடுங்கள். அந்தப் பழைய எண் கிடைத்தால் சொத்து அட்டவணையிலும் தேட வழி பிறக்கும்.

இவை கையில் வந்த பிறகு பதிவு அலுவலகத்துக்குப் போங்கள். பெயர் அட்டவணையில் தேட வேண்டும் என்று தனியாகக் கேட்க வேண்டும். வில்லங்கம் வேண்டும் என்று மட்டும் கேட்டால் சொத்து விவரத்தை வைத்துத்தான் பார்ப்பார்கள். விண்ணப்பத்தில் தாத்தாவின் பெயரை ஒரே விதமாக எழுதாதீர்கள். எப்படியெல்லாம் எழுதப்பட்டிருக்கலாமோ அத்தனையும் எழுதுங்கள்: ஜம்புலிங்கம் என்றால் சம்புலிங்கமும், முனுசாமி என்றால் முனிசாமியும், எத்திராஜ் என்றால் யதிராஜும். வீட்டில் கூப்பிட்ட பெயர் வேறாக இருந்தால் அதையும் சேருங்கள். பத்திரம் தமிழில் இருந்தாலும் அட்டவணை ஆங்கில எழுத்தில் இருக்கலாம். அப்போது முதல் எழுத்து இன்னும் மாறிப்போகும். தகப்பனார் பெயர் கட்டாயம் வேண்டும். கீழே விற்றவர் பெயரையும் அதே மாதிரி எழுதுங்கள். தாத்தா பணத்தைக் கொடுத்தாலும் பாட்டி பெயரில் வாங்கியிருக்கலாம், அல்லது அண்ணன் தம்பி சேர்ந்து மூத்தவர் பெயரில் வாங்கியிருக்கலாம். அந்தப் பெயர்களையும் விடாதீர்கள்.

ஆண்டைக் குறுக்கத்தான் கொஞ்சம் மெனக்கெட வேண்டும். "1960 வாக்கில்" என்றால் தேடுபவர் முன்னும் பின்னும் ஐந்தாறு ஆண்டு புரட்ட வேண்டியிருக்கும், ஒவ்வோர் ஆண்டுக்கும் கட்டணமும் கூடும். வீட்டில் வயதானவர்களிடம் வருடம் கேட்காதீர்கள், சம்பவம் கேளுங்கள். யார் பிறந்த பிறகு வாங்கினார்கள், யார் கல்யாணத்துக்கு முன் குடிவந்தார்கள் என்று கேட்டால் சரியாகச் சொல்வார்கள். மனையின் விலை பற்றி யாராவது ரூபாய், அணா, பை என்று சொன்னால் அது 1957 ஏப்ரலுக்கு முந்தியதாக இருக்க வாய்ப்பு அதிகம், ஏனென்றால் அந்த மாதம்தான் நயா பைசா வந்தது. ஆனாலும் பழக்கத்தில் அணா என்ற பேச்சு அதற்கப்புறமும் ஓடியது, அதனால் அதை மட்டும் நம்பி ஆண்டைப் பூட்டிவிடாதீர்கள். பழைய வீட்டு வரி ரசீதுகளில் தாத்தா பெயர் முதலில் வந்த ஆண்டு எது என்று பார்ப்பது இதைவிட உறுதியானது. பத்திரம் அந்த ஆண்டிலோ அதற்குச் சற்று முன்போ பதிவாகியிருக்கும்.

எந்த அலுவலகம் என்ற கேள்வியை இன்னும் நான் தொடவில்லை. இன்று உங்கள் தெரு எந்த சார்பதிவாளர் எல்லைக்குள் வருகிறதோ, 1960-ல் அதே எல்லையில் இருந்திருக்கும் என்று எண்ணாதீர்கள். ஓர் அலுவலகத்தைப் பிரித்துப் புதிதாக ஒன்று தொடங்கும்போது பழைய தொகுதிகளும் அட்டவணைகளும் தாய் அலுவலகத்திலேயே தங்கிவிடும். ஆகவே, "1960-ல் எங்கள் தெருவுக்கான பதிவேடுகள் இப்போது எந்த அலுவலகத்தில் இருக்கின்றன?" என்று முதல் நாளே கேளுங்கள். மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தின் இணை சார்பதிவாளரிடமும் பதிவு நடந்திருக்கலாம், அங்கேயும் பார்க்கச் சொல்லுங்கள். இன்னொரு வழியும் அப்போது உண்டு: பத்திரத்தில் இருக்கும் சொத்துகளில் ஒரு பகுதி எந்த எல்லையில் இருந்தாலும் அங்கே மொத்தத்தையும் பதிவு செய்யலாம். விற்றவர் தண்டையார்பேட்டை மனையையும் வேறோர் ஊர்த் துண்டு நிலத்தையும் ஒரே பத்திரத்தில் சேர்த்து எழுதியிருந்தால், பதிவு அந்த ஊரில் நடந்திருக்கலாம். அப்படிப் பதிவானால் அங்கிருந்து உங்கள் எல்லைக்கு உரிய அலுவலகத்துக்கு ஒரு குறிப்பு வந்து 1 புத்தகத்தில் கோக்கப்படும், அட்டவணையிலும் ஏறும். அதனால் நம் அலுவலக அட்டவணையில் மெமோ என்று இருக்கும் வரிகளையும் தள்ளிவிடாமல் படிக்கச் சொல்லுங்கள்.

எல்லாம் செய்தும் அகப்படாமல் போவதும் உண்டு, அதற்கான காரணங்களையும் சொல்லிவிடுகிறேன். தாத்தாவுக்கு அந்த இடம் உயில் மூலம் வந்திருந்தால் அது 1 புத்தகத்தில் இருக்காது. பதிவான உயில்கள் 3 புத்தகத்தில், அதற்கான தனி அட்டவணையில் இருக்கும். எழுதியவர் காலமான பிறகுதான் மற்றவர்கள் அதன் நகலைக் கேட்க முடியும். அந்தக் காலத்துப் பொது அதிகாரப் பத்திரம் என்றால் அது 4 புத்தகத்தில் இருக்கும். வாய்மொழியாகப் பாகம் பிரித்துக்கொண்டிருந்தால் பதிவே இருக்காது. அப்புறம், வடசென்னையில் நான் அடிக்கடி பார்த்தது இது: அடிமனை கோயிலுக்கோ அறக்கட்டளைக்கோ சொந்தம், மேலே உள்ள கட்டடம் மட்டும் நம்முடையது. வீட்டில் "அடிமனை வாடகை" என்று யாராவது எப்போதாவது பேசியிருக்கிறார்களா என்று கேட்டுப் பாருங்கள். அப்படியிருந்தால் கிரயப் பத்திரம் கட்டடத்துக்கு மட்டும் இருக்கும், அல்லது இல்லாமலும் இருக்கலாம். அந்த நிலையில் நீங்கள் தேட வேண்டியது கோயில் அலுவலகத்தின் வாடகைப் பதிவேட்டை.

தொகுதியின் பக்கமே செல்லரித்தோ பொடிந்தோ போயிருப்பதும் நடக்கும். அப்போது அட்டவணையில் வரி இருக்கும், புத்தகத்தில் பக்கம் இருக்காது. அந்த நிலையில் அட்டவணை வரியின் நகலையாவது எழுத்துமூலம் வாங்கிக்கொள்ளுங்கள். இன்ன தேதியில் இன்னார் இன்னாருக்கு எழுதிக்கொடுத்தார் என்பதற்கு அதுவும் ஒரு சான்றாக நிற்கும். பதிவின்போது கைரேகை வைத்த பதிவேடும் அலுவலகத்தில் இருக்கும், ஆவண எண் தெரிந்தால் அதையும் பார்க்கச் சொல்லலாம்.

பத்திரத்தின் சான்றிட்ட நகல் கிடைத்தால், அசலில் என்ன எழுதியிருந்தது என்பதை நிரூபிக்க அது செல்லும் என்று அதே 57-ம் பிரிவு சொல்கிறது. வங்கிக் கடனுக்கோ விற்பனைக்கோ போகும்போது அசல் தொலைந்தது பற்றிக் காவல் நிலையப் புகாரும் அதற்கான சான்றும் கேட்பார்கள். புயல் மழையில் போனது என்று இப்போதே புகார் கொடுத்து வைத்துவிடுங்கள், நகல் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

முதல் வேலையாகப் பக்கத்து வீட்டு எல்லைகளைப் படித்துப் பாருங்கள். தேடிக் கிடைக்காவிட்டால் அந்த நான்கு எல்லை வரிகளையும் தாத்தாவின் தகப்பனார் பெயரையும் எழுதி அனுப்புங்கள், எந்த எழுத்தில் தேடலாம் என்று பார்த்துச் சொல்கிறேன்.